பஞ்சில் வராத கறுப்பு

வெல்லம் காய்ச்சுகிறவனுக்கு அழுக்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கரும்புச் சாறு கொப்பரையில் கொதிக்கத் தொடங்கியதும் சுண்ணாம்புத் தெளிவைக் கொஞ்சம் விட்டு, வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழத் தண்ணீரையும் ஊற்றுவோம். சாற்றில் இருக்கிற அழுக்கெல்லாம் நுரையோடு நுரையாகத் திரண்டு மேலே வந்து நிற்கும். கரண்டியால் வழித்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணைக்குப் போகிற வழியில் என் கொட்டகை. அப்பா காலத்துக் கொட்டகை, அப்பா காலத்து அடுப்பு, என் காலத்து வாய்.

வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கொட்டகையில் ஆட்கள் அலுக்காமல் வேலை செய்வது என் கூலியால் அல்ல, என் பேச்சால் என்பது என் கணக்கு. அவர்களைக் கேட்டால் வேறு சொல்லலாம். எதற்கும் ஒரு கேலி என்னிடம் தயாராக இருக்கும். பயம் வந்தால் இரண்டு கேலி. ரொம்பப் பயம் வந்தால் நிறுத்தாமல் பேசுவேன். என் மனைவி அதை வைத்துத்தான் எனக்கு எவ்வளவு பயம் என்று அளப்பாள்.

எங்கள் கொட்டகையில் வேலை செய்கிற எல்லோருக்கும் கழுத்து கறுப்பு. கரும்புச் சக்கையைத்தான் எரிக்கிறோம். அதன் புகையும் கரியும், மேலே எழும்புகிற பாகு ஆவியும், வேர்வையும் சேர்ந்து பிடரியில் ஒரு பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். முடிவெட்டுகிறவர் எங்கள் ஆட்களுக்கென்று ஒரு துண்டைத் தனியாக வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் இதற்குக் கொட்டகைக் கறுப்பு என்றே பெயர். எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி. பிடரி முழுவதும் அட்டைக் கறுப்பு, தொட்டால் மெத்தென்று இருக்கும், ஓரத்தில் மிளகு மிளகாக நாலைந்து மரு. விரல் முட்டிகளிலும் அதே நிறம். காலர் இல்லாத சட்டை போட்டாலும் எனக்குக் காலர் உண்டு என்று சொல்லிக்கொள்வேன். முதலாளிக்கு ஒரு பிடி கூடவே இருக்கட்டும் என்று ஆட்களும் விட்டுவிட்டார்கள்.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு ஒரே பெண். என்னைப் போலவே உருட்டு உடம்பு, என்னைப் போல இல்லாமல் வேகம். பள்ளிக் கபடி அணியில் அவள்தான் ரைடர். இந்தக் குண்டுப் பெண் என்ன ஓடிவிடப் போகிறாள் என்று எதிரணி சாவகாசமாக நிற்கும்போதே ஒருத்தியைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியிருப்பாள். லீவு நாட்களில் கொட்டகைக்கு வருவாள். வந்தால் ஒரு சொம்பு சாறு, அச்சில் ஊற்றுவதற்கு முன்னால் கரும்புத் துண்டில் சுற்றி எடுத்த சூடான பாகு. கொட்டகைக்காரன் மகள் பாகு சாப்பிடாமல் யார் மகள் சாப்பிடுவாள்?

அவளுக்கும் கழுத்து கறுக்க ஆரம்பித்தது. எப்போது என்று எங்களால் சொல்ல முடியவில்லை. வயதுக்கு வந்ததற்கு அப்புறம் என்பாள் மனைவி. முதலில் பிடரியில் ஒரு கோடு, அப்புறம் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம், அப்புறம் அக்குள். கொட்டகைக் கறுப்புதான் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அக்குளுக்குள் எப்படிப் புகை போகும் என்று யாராவது ஒருவர் யோசித்திருக்கலாம். அந்த ஊரில் அந்த யோசனை யாருக்கும் வராது. எங்களுக்குக் கறுப்பு என்றால் புகை, புகை என்றால் தேய்த்தால் போகும்.

மனைவி தேய்த்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, காய்ந்த பீர்க்கங்காயின் நார்க்கூட்டால் தேய்ப்பாள். அதில் போகவில்லை என்றதும் கடலைமாவும் தயிரும். அதிலும் போகவில்லை என்றதும் எலுமிச்சை மூடியில் கல்லுப்பைத் தொட்டு. அவளைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடக் கூடாது. பெண்ணை வளர்த்த லட்சணம் கழுத்தில் தெரியும் என்று நாலு பேர் சொல்லிவிடுவார்களே என்ற பயம் அவளுக்கு. எங்கள் உறவுக்காரப் பெண்கள் அப்படிச் சொல்லக்கூடியவர்கள்தான். ஒரு காதுகுத்து வீட்டில் ஒருத்தி எல்லோர் முன்னாலும் மகளின் கழுத்தை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு, விரலை முகர்ந்தும் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் மனைவி உப்புப் போட மறந்துவிட்டாள்.

அந்த வருடம் கபடி அணிக்குப் புதுப் பனியன் வந்தது. கையில்லாத நீலப் பனியன். அது வந்த வாரத்திலிருந்து மகளுக்கு வயிற்றுவலி. பயிற்சி என்றால் வயிற்றுவலி, மேட்ச் என்றால் தலைவலி. நான் அவள் வயிற்றைத் தட்டி, உள்ளே எந்தக் கொப்பரை கொதிக்கிறது என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. கடைசியில், கபடி வேண்டாம், படிக்க வேண்டும் என்றாள். படிக்க வேண்டும் என்று பிள்ளை சொன்னால் எந்தத் தகப்பன் காரணம் கேட்பான்? கொட்டகை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

அவள் தானாகவே மெடிக்கல் கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. களிம்பு தோலை மெல்லிசாக்கியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எலுமிச்சையும் உப்பும் பட்டதும் கழுத்து பொரிந்து, மறுநாள் நீர் கோத்து, சீழ் வைத்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அதுவும் புண்ணுக்காக. கறுப்புக்காக யாராவது டாக்டரிடம் போவார்களா?

டாக்டர் ஒரு அம்மா. அதிகம் சிரிக்காத முகம். எனக்கு அப்படிப்பட்ட முகங்களைக் கண்டால் வாய் கூடும். உட்காருவதற்கு முன்பே, இது எங்கள் தொழில் கறுப்பு, குடும்பச் சொத்து என்று ஆரம்பித்தேன். அவர் மகளின் புண்ணைப் பார்த்தார். என்ன தடவினீர்கள் என்று கேட்டார். மனைவி எலுமிச்சை வரைக்கும் சொன்னாள். மகள் பையிலிருந்து களிம்பு டியூபை எடுத்து மேசைமேல் வைத்தாள். எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரியும். டாக்டர் அதை வாங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். இனிமேல் தடவாதே, தேய்க்கவும் தேய்க்காதே, தேய்க்கத் தேய்க்கத் தடிக்கும் என்றார்.

பிறகு புண் இல்லாத பக்கமாக, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்து மகளின் கழுத்தை அழுத்தித் துடைத்தார். பஞ்சைத் திருப்பி எங்களிடம் காட்டினார். வெள்ளையாக இருந்தது. கழுத்து அப்படியே இருந்தது.

"அழுக்குன்னா இதுல வந்துருக்கணும்மா," என்றார் மனைவியிடம். "இது அழுக்கு இல்ல."

எனக்கு அது சரியாகப் படவில்லை. பஞ்சு ஒழுங்காக இல்லாமல் இருக்கலாம். என் கழுத்தில் துடைத்துப் பாருங்கள், வண்டி வண்டியாக வரும் என்றேன். அவர் எழுந்து வந்து துடைத்தார். முதல் பஞ்சு கரிக்கட்டை மாதிரி வந்தது. நான் வெற்றியோடு மனைவியைப் பார்த்தேன். டாக்டர் இன்னொரு பஞ்சை எடுத்தார். அது லேசான சாம்பல். மூன்றாவது பஞ்சு மகளுடைய பஞ்சைப் போலவே வெள்ளை. என்னால் என் பிடரியைப் பார்க்க முடியாதல்லவா, மனைவியின் முகத்தைத்தான் பார்த்தேன். அவள் என் கழுத்தையும் மகளின் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சா?" என்று கேட்டேன்.

"போவலிங்க," என்றாள். "அப்டியேதான் இருக்குது."

டாக்டர் என் விரல் முட்டிகளைத் தடவிப் பார்த்தார். மருக்களைப் பார்த்தார். அப்புறம் மகளிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று என்னை வெளியே அனுப்பினார். மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டாராம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று அவள் சொன்னாளாம். அதுவும் மனைவிக்கு அன்றைக்குத்தான் தெரியும். மறுபடி உள்ளே கூப்பிட்டபோது மகளை எடை போட்டு, இடுப்பை அளந்து முடித்திருந்தார்கள். என் இடுப்பையும் அளந்தார்கள். டேப் போதுமா என்று கேட்டேன். நர்ஸ் சிரித்தார், டாக்டர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிகிற மாதிரிதான் சொன்னார். "சாப்புட்ற சக்கரைய ரத்தத்துலேருந்து உடம்புக்குள்ள அனுப்பறதுக்கு இன்சுலின்னு ஒண்ணு சுரக்குது. பாப்பாவுக்கு அது கம்மியா இல்லிங்க, ஜாஸ்தியா இருக்கும்போலத் தெரியுது. உடம்பு அது சொல்றத கேக்க மாட்டேங்குது. கேக்கலியேன்னு இன்னும் இன்னும் சுரக்குது. அந்த ஜாஸ்தியான இன்சுலின் தோல்ல போயி, வளரு வளருன்னு தூண்டிவுடுது. அதான் மடிப்பு மடிப்பா தடிச்சி, வெல்வெட்டு மாதிரி கறுத்துப் போவுது."

எனக்கு உடனே என் கொட்டகை நினைவுக்கு வந்தது. கரும்பு பிழிகிற ஆலை ஓடும்போது அடுப்புக்காரரைக் கூப்பிட்டால் அவர் காதில் விழாது. விழவில்லையே என்று இன்னும் சத்தமாகக் கத்துவேன். அவருக்கு அப்போதும் பாதிதான் கேட்கும், ரோட்டில் சைக்கிளில் போகிறவன் திடுக்கிட்டு இறங்கிவிடுவான். தோல் அந்தச் சைக்கிள்காரன். இதை டாக்டரிடம் சொன்னேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். அவர் முகம் அன்றைக்கு முதன்முறையாகக் கொஞ்சம் இளகியது.

எல்லாக் கறுத்த கழுத்தும் இதனால் வருவதில்லை, சில பேருக்குப் பிறவியிலேயே இருக்கும், சில மாத்திரையாலும் வரும், அதனால் ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். மகளுக்கும் எனக்கும் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இரண்டுக்கும் எழுதிக் கொடுத்தார். எனக்கு எதற்கு என்றேன். உங்கள் கழுத்து சொல்கிறது என்றார்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லை. மகள் ஜன்னல் பக்கம், நான் நடுவில், மனைவி ஓரத்தில். கச்சிராயபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை மறித்து நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே மகள் கேட்டாள்.

"அப்போ நான் அழுக்கு இல்லல்லப்பா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் மகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போன மேட்ச்சில் எதிரணிப் பெண் அவளைப் பின்னாலிருந்து கழுத்தோடு பிடித்துவிட்டுக் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டாளாம். குளிக்க மாட்டியா என்று கேட்டாளாம். அவள் அணியிலேயே இரண்டு பேர் சிரித்தார்களாம். அதற்குமேல் கையில்லாத பனியன் வந்தது. ரைடு போகும்போது கையைத் தூக்காமல் எப்படிப் போவது? வயிற்றுவலி என்பது அதுதான். படிப்பும் அதுதான்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய் பி.டி. டீச்சரைப் பார்த்தேன். மகள் அணியை விட்டதும் அந்த நீலப் பனியனை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்து, பெயர்ப் பட்டியலையும் அனுப்பிவிட்டார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் விசிலைக் கையில் உருட்டினார்.

"உள்ள ஒரு கை வச்ச பனியன் போட்டுக்கினு ஆடச் சொல்லியிருப்பேனேங்க," என்றார். "ஒரு வார்த்த கேக்கலியே. பாப்பாவும் சொல்லல, நீங்களும் வரல."

அவ்வளவுதான். உள்ளே ஒரு பனியன். எங்கள் வீட்டு அலமாரியில் அந்த மாதிரிப் பனியன் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. இந்த அணியில் இனிச் சேர்க்க முடியாது, பயிற்சிக்கு வேண்டுமானால் வரட்டும் என்றார்.

ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த சமயத்தில்தான் நான் என் வாழ்க்கையிலேயே பெரிய கோமாளித்தனத்தைச் செய்தேன். மனைவியின் தம்பி, எங்களுக்கு டிராக்டர் ஓட்டுகிறவன், போனில் எதையாவது படித்துக்கொண்டே இருப்பான். கழுத்து கறுத்து வெல்வெட்டு மாதிரி ஆனால் வயிற்றில் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று போட்டிருப்பதாகப் படித்துக் காட்டினான். அவன் படித்து முடிப்பதற்குள் எனக்கு வயிறு வலித்தது. அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் அவனைக் கொப்பரை ஓரமாக அழைத்துப் போய் என் கடைசி ஆசைகளைச் சொன்னேன். கொட்டகையை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், உன் அக்காவைக் கைவிட்டுவிடாதே, பெரிய கொப்பரையில் ஒரு ஓட்டை இருக்கிறது, முதலில் அதை அடைத்துவிடு என்றேன். என் கண் கலங்கியது. புகையினால் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஓட்டைய நீயே அடச்சிட்டுப் போ மாமா," என்றான் அவன். "எனக்கு டிராக்டர் வேலையே ஜாஸ்தியா கீது."

மகளைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் சாவு ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்பதுவரை முடிவு செய்தவன், பள்ளிக்கூட மைதானத்துக்கு அவள் ஏன் போவதில்லை என்பதை மறந்தேபோனேன். பயம் என்பது எவ்வளவு சுயநலமான ஜந்து என்பதை அந்த வாரம் என்னை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

முடிவு வாங்கப் போனபோது டாக்டரிடம் முதல் கேள்வியாகப் புற்றுநோயைக் கேட்டேன். அந்த வகை அபூர்வம், வயதானவர்களுக்குத் திடீரென்று கிடுகிடுவென்று வரும், உள்ளங்கை உதடு என்று பரவும், ஆள் காரணமில்லாமல் மெலிந்துபோவார் என்றார். பிறகு என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"நீங்க மெலிஞ்சா மாதிரி தெரியலிங்களே."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் சத்தமாகவே சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. அதற்காகவே இன்னும் கொஞ்சம் குண்டாக இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகவே இருந்தது. சராசரி மட்டும் எல்லைக் கோட்டில். அப்படியென்றால் ஒன்றுமில்லை என்று நான் எழுந்தேவிட்டேன். உட்காருங்கள் என்றார். சர்க்கரை சரியாக இருப்பதே அந்த இன்சுலின் அளவுக்கு மீறி வேலை செய்வதால்தான், இப்படியே ஓடினால் ஒருநாள் அது களைத்துப்போகும், அன்றைக்குச் சர்க்கரை ஏறும் என்றார். சர்க்கரை ஏறுவதற்குப் பல வருடம் முன்னாலேயே கழுத்து சொல்லிவிடும், அது ஒரு விதத்தில் நல்லதுதான் என்றார். மாதவிடாய் தள்ளிப்போவதும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம், ஒரு ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், சாறும் பாகும் வேண்டாம், சோற்றைக் குறைத்து, நிறைய ஓடியாடட்டும். எடை கொஞ்சம் குறைந்தாலே கறுப்பும் மெல்ல மங்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும்.

"வெளையாடறியாம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"ஆடிக்கினு இருந்தேன் மேடம்," என்றாள் மகள்.

என் தாளை எடுத்ததும் டாக்டர் குரலை மாற்றிக்கொண்டார். எனக்குச் சர்க்கரை வந்து இரண்டு மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். மாத்திரை, கண் பரிசோதனை, கால் பரிசோதனை என்று எழுதினார். என் கழுத்தும் முன்கூட்டியே சொல்லித்தான் இருக்கும், நான் பழியைப் புகைமேல் போட்டுவிட்டேன் என்றார். கழுத்தின் பாஷை எனக்குத் தெரிந்திருந்தால் மகளின் கழுத்தையும் படித்திருப்பேன். அவளுக்கு அந்தப் பீர்க்கங்கூடும் எலுமிச்சையும் வேண்டியிருந்திருக்காது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு மறுபடி பீதி. வெல்லக் கொட்டகைக்காரன் வீட்டில் வெல்லத்தை ஒளித்து வைத்தேன். டீயில் சர்க்கரை இல்லை, பிஸ்கட் இல்லை, தட்டில் தினமும் பாகற்காய். மகளின் தட்டிலும் அதையே அள்ளி வைத்தேன். "சக்கர ஒனக்குப்பா, எனக்கு இல்ல," என்றாள் அவள். இருந்தாலும் சாப்பிட்டாள். மைத்துனன் மலையிலிருந்து சாமை வாங்கி வந்தான். அதையும் நான் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அளவுதான் முக்கியம் என்று டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

அந்த வருட மேட்ச் மலைமேல் இருக்கிற கரியாலூரில் நடந்தது. போகலாமா என்று கேட்டேன், வருகிறேன் என்றாள். மலைமேல் ஏறியதும் குளிர். மகள் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு கயிற்றுக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீலப் பனியனில் அவளுடைய எண்ணைப் போட்டுக்கொண்டு வேறொரு பெண் ரைடுக்குப் போனாள். நல்ல பெண்தான், கால் கொஞ்சம் தயங்கும். மலைப் பள்ளிப் பெண்கள் பாறை மாதிரி நின்றார்கள். ஒவ்வொரு ரைடுக்கும் என் பக்கத்தில் ஒரு தோள் இடமும் வலமுமாக அசைந்துகொண்டே இருந்தது. "எடது பக்கம் காலியா கீது, எடது பக்கம்," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். உள்ளே போன பெண் வலது பக்கம் போனாள். பிடித்துவிட்டார்கள். நாங்கள் தோற்றோம். வேன் கீழே இறங்குகிற வளைவுகளில் மகள் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் கீழே வரும்வரை டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தேன். அவருக்கு என்னைவிட வழி தெரியும்.

புண் ஆறியதும் அவள் பயிற்சிக்குப் போனாள். என் பழைய கை வைத்த பனியன் ஒன்றை மனைவி வெட்டிச் சிறிதாக்கித் தைத்துக் கொடுத்திருந்தாள். நான் மைதானத்துச் சுவருக்கு வெளியே மொபெட்டில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் ரைடு நன்றாகத்தான் போனாள். திரும்பும்போது ஒருத்தி பின்னாலிருந்து தோளைப் பிடித்தாள். சும்மா, விளையாட்டுப் பிடி. உதறிக்கொண்டு கோட்டுக்குப் பாய்வதுதான் எப்போதும் அவள் செய்வது. அவள் பாயவில்லை. இரண்டு தோளையும் காதுவரைக்கும் தூக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பிடித்த பெண்ணே பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டாள். மறுபடி ஒருமுறை முயன்றாள். மறுபடி அதேதான்.

"வேணாம்ப்பா," என்றாள் மொபெட்டில் ஏறும்போது. "பின்னாடிலேருந்து கை வந்தா, அம்மா தேய்க்கிறாங்கன்னு ஒடம்பு நெனச்சிக்குது."

மனைவியிடம் இதை நான் சொல்லவில்லை. அவள் எப்படியோ தெரிந்துகொண்டாள். பீர்க்கங்கூட்டை எடுத்துப்போய் அடுப்பில் போட்டுவிட்டாள். அது எரிவதற்குக்கூட நேரம் எடுக்கவில்லை.

அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை விளையாட விடமாட்டார்கள். அதற்கப்புறம் கல்லூரி. டாக்டர் சொன்னபடியே எல்லாம் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மகளின் எடை குறைந்திருக்கிறது, மாதம் ஒழுங்குக்கு வந்திருக்கிறது, கழுத்தில் வளையம் மங்கிப்போய், உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. என் கழுத்து அவ்வளவு சீக்கிரம் மனம் மாறுகிற கழுத்து இல்லை. மாத்திரை போடுகிறேன். கொட்டகையில் யாருக்காவது பிடரி மெத்தென்று இருந்தால் ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்துக்கொண்டு துரத்துகிறேன். மூன்றாவது பஞ்சு வெள்ளையாக வந்தும் கறுப்பு அப்படியே இருந்தால் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து வேலையைப் பார் என்கிறேன். முதலாளிக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று ஆட்கள் சிரிக்கிறார்கள். ஆனாலும் போகிறார்கள்.

லீவில் மகள் வரும்போது சாயங்காலம் இரண்டு பேரும் கோமுகி அணைக்கரையில் நடப்போம். அவள் முன்னால் போவாள், நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். போன வாரம் அவள் பிடரியில் ஒரு கொசு உட்கார்ந்திருந்தது. ஓட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். விரல் படுவதற்குள் இரண்டு தோளும் மேலே ஏறிவிட்டன.

"கொசுதாம்மா," என்றேன்.

"தெரியும்ப்பா," என்றாள். தோளை அவளே மெல்ல இறக்கிக்கொண்டு, துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு நடந்தாள். நான் கையை என் பிடரிக்குக் கொண்டுபோய்ச் சும்மா தேய்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.